கையிருப்பு கூடியிருக்கிறது, கணக்கில் பற்றாக்குறை: புதிய நிர்வாகக் குழுவுக்குப் பொருளாளர் எழுதும் கடிதம்

"பொருளாளர் ஐயா, ஆண்டுக் கணக்கைப் பார்த்தோம். முதல் தாளில் 1,55,000 ரூபாயாக இருந்த இருப்பு 3,01,000 ஆகியிருக்கிறது. அடுத்த தாளில் 1,44,000 ரூபாய் பற்றாக்குறை என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே சங்கம், ஒரே வருஷம். இதில் எது நிஜம்? பொதுக்குழுவில் கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?"

புதிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இரண்டும் நிஜம்தான். முதல் தாள் பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு. 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை கல்லாவுக்கும் வங்கிக்கும் என்ன பணம் வந்தது, என்ன பணம் போனது என்பதை மட்டும் அது சொல்லும். கேஷ் புக்கைத் தலைப்பு வாரியாகத் தொகுத்தால் அதுதான். எந்த வருஷத்துக்கான பணம், செலவழிந்து தீர்ந்ததா பொருளாக நிற்கிறதா என்றெல்லாம் அது கேட்காது. இரண்டாம் தாள் வருவாய் மற்றும் செலவினக் கணக்கு. பணம் வந்ததோ வரவில்லையோ, இந்த வருஷத்துக்கு உரிய வருமானம் எவ்வளவு, இந்த வருஷத்துக்கு உரிய செலவு எவ்வளவு என்பதுதான் அதன் கேள்வி. வியாபாரிகளின் லாப நஷ்டக் கணக்கு போலத்தான் இதையும் போடுவார்கள். லாபம் பங்கு போடாத சங்கம் என்பதால் உபரி, பற்றாக்குறை என்கிறோம். சீட்டு எடுத்த மாதம் வீட்டில் பணம் புரளும், ஆனால் அந்த மாதம் சம்பளம் கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் பொதுக்குழுவில் இந்த விளக்கம் போதாது. 1,46,000 ரூபாய் கூடிய இடத்தில் 1,44,000 குறைவது எப்படி என்று ரூபாய் ரூபாயாகக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 2,90,000 ரூபாய் இடைவெளி இருக்கிறது. கீழே நடுப் பத்தி கேஷ் புக்கில் உள்ளது. கடைசிப் பத்தி இந்த வருஷத்துக்கு உரியது.

| விவரம் | பணமாக வந்தது / போனது | இந்த ஆண்டுக்கு உரியது |
|---|---|---|
| ஆண்டுச் சந்தா | 2,82,000 | 2,88,000 |
| மண்டப வாடகை | 3,84,000 | 3,60,000 |
| வங்கி வட்டி | 5,000 | 5,000 |
| ஆயுள் சந்தா | 75,000 | – |
| கட்டட நிதி நன்கொடை | 2,00,000 | – |
| பழைய ஜெனரேட்டர் விற்றது | 20,000 | – |
| மொத்த வரவு | 9,66,000 | 6,53,000 |
| சம்பளம் | 2,86,000 | 2,88,000 |
| மின் கட்டணம் | 96,000 | 1,01,000 |
| சொத்து வரி | 18,000 | 36,000 |
| பெயின்ட், பழுது வேலை | 1,35,000 | 1,75,000 |
| பத்திரிகைகள், படிப்பகம் | 22,000 | 22,000 |
| பொங்கல் விழா | 48,000 | 48,000 |
| காப்பீடு | 24,000 | 12,000 |
| அலுவலகம், இதர செலவு | 31,000 | 31,000 |
| புதிய ஜெனரேட்டர் | 1,60,000 | – |
| தேய்மானம் | – | 72,000 |
| பழைய ஜெனரேட்டரில் நஷ்டம் | – | 12,000 |
| மொத்தச் செலவு | 8,20,000 | 7,97,000 |

மண்டப வாடகையிலிருந்து தொடங்குகிறேன். நம் அழகாபுரம் மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

ஒரு நாள் வாடகை 6,000 ரூபாய். பதிவு செய்யும்போதே முழுத் தொகையும் வாங்கிவிடுகிறோம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு சேலமே கூடும், நம் மண்டபத்துக்கோ ஒரு விசேஷமும் வராது. மார்கழியும் அப்படித்தான். ஆனால் மாசி, பங்குனியில் வந்து சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குத் தேதி பிடித்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் அடுத்த வருஷத்து நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதணி விழாக்களின் பணம் நம் வங்கியில் உட்கார்ந்திருக்கும். 2024-25இல் 64 ரசீது போட்டோம், 3,84,000 ரூபாய். அதில் 11 ரசீது 2025 மார்ச் 31க்குப் பிறகு நடக்கப்போகிற விசேஷங்களுக்கு உரியவை. அந்த 66,000 ரூபாய் இன்னும் நாம் சம்பாதித்த பணம் அல்ல. நாளைக்கே ஒரு வீட்டில் கல்யாணம் தள்ளிப்போனால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. மறுபுறம், போன வருஷமே பணம் வாங்கி இந்த வருஷம் நடந்த விசேஷங்கள் 7. அந்த 42,000 ரூபாய் இந்த வருஷத்துக் கேஷ் புக்கில் எங்கேயும் வராது, ஆனால் இந்த வருஷத்து வருமானம்தான். ஆக 64இல் 11ஐக் கழித்து 7ஐக் கூட்டினால் 60 நாள், 3,60,000 ரூபாய்.

இதைச் சரிபார்க்க ரசீது புத்தகம் உதவாது; புக்கிங் டைரி வேண்டும். டைரியில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை விசேஷம் நடந்த நாள்களை விரல் விட்டு எண்ணுங்கள். 60 வர வேண்டும். 61 வந்தால் ஒரு நாள் வாடகை விட்டுப்போயிருக்கிறது அல்லது யாருக்கோ இலவசமாகக் கொடுத்திருக்கிறோம். கேஷ் புக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது ஒருநாளும் தெரியாது. வாடகைக் கணக்கில் தப்பு நடந்தால் நான் முதலில் தேடும் இடம் இதுதான்.

சந்தாவும் இதே வழிதான், திசை மட்டும் வேறு. சந்தா கட்டும் உறுப்பினர்கள் 240 பேர், ஆளுக்கு 1,200. எனவே இந்த வருஷத்துக்கு உரியது 2,88,000. இதில் மாற்றமே கிடையாது. கேஷ் புக்கில் உள்ள 2,82,000 மூன்று வருஷப் பணம் கலந்தது. 200 பேர் இந்த வருஷத்துக்குக் கட்டியது 2,40,000. போன வருஷப் பாக்கியை 20 பேர் இப்போது தீர்த்தது 24,000. அடுத்த வருஷத்துக்கு 15 பேர் முன்னதாகவே கட்டியது 18,000. மீதி 40 பேரில் 10 பேர் போன வருஷமே முன்பணமாகக் கட்டிவிட்டார்கள், 30 பேர் இன்னும் கட்டவில்லை. அந்த 30 பேரின் 36,000 ரூபாயையும் வருமானத்தில் சேர்த்திருக்கிறோம். மார்ச் 31 அன்று சங்கத்திடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்துப் பக்கம் வரவேண்டிய சந்தா என்று நிற்கும். இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத இடம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இனி, கேஷ் புக்கில் பெரிதாகத் தெரிந்து வருமானத்தில் காணாமல் போன தொகைகள். கட்டட நிதி 2,00,000 ரூபாய். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தார் மாடியில் படிப்பகம் கட்ட என்று கடிதத்தோடு கொடுத்தது. கடிதத்தில் நோக்கம் எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நோக்கம் சொல்லாமல் யாராவது பொங்கலுக்கு 1,000, 2,000 கொடுத்தால் அது சாதாரண நன்கொடை, அந்த வருஷத்து வருமானம். நோக்கம் சொல்லிக் கொடுத்தது வருமானம் ஆகாது. கட்டட நிதி என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கம் போய்விடும். கட்டி முடிக்கும் வரை அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். அதை எடுத்து வாட்ச்மேன் சம்பளம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஆயுள் சந்தா ஐந்து பேர், தலா 15,000. இதையும் வருமானத்தில் போடாமல் சங்கத்தின் மூலதன நிதியில் சேர்த்திருக்கிறோம். சில சங்கங்கள் பத்து வருஷத்துக்குப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை வருமானத்துக்குக் கொண்டுவருவார்கள். அதுவும் சரியே, ஒருமுறை எடுத்த முறையை வருஷத்துக்கு வருஷம் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். எந்த முறையானாலும் மொத்தத்தையும் ஒரே வருஷ வருமானமாகப் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். இந்த ஐந்து பேரும் இனி ஆண்டுச் சந்தா கட்ட மாட்டார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய் நிரந்தரமாகக் குறைகிறது. அந்த 75,000 ரூபாயை டெபாசிட்டில் போட்டு, வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம் என்று வைத்தால் 5,250 வரும், ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். செலவழித்துவிட்டால் அவர்கள் இருக்கும்வரை படிப்பகமும் விழாவும் இலவசம், ஈடுகட்ட ஒன்றும் இல்லை.

ஜெனரேட்டர் விஷயத்தில் கேஷ் புக் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். அக்டோபரில் 1,60,000 கொடுத்து வாங்கினோம். பணம் முழுதும் இந்த வருஷமே போய்விட்டது, பொருள் மண்டபத்தின் பின்னால் நிற்கிறது. அதனால் செலவாகப் போடவில்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம், ஆறு மாதத்துக்கு 12,000 மட்டும் இந்த வருஷத்தின் தலையில். கட்டடம், நாற்காலி, மேசை, பாத்திரம் என்று ஏற்கெனவே உள்ளவற்றின் தேய்மானம் 60,000 சேர்ந்து 72,000 ஆகிறது. பழைய ஜெனரேட்டர் புத்தக மதிப்பில் 32,000 இருந்தது, 20,000க்குப் போனது. அந்த 20,000 வருமானம் அல்ல, சொத்து பணமாக மாறியது. குறைந்த 12,000 மட்டும் நஷ்டம். விற்ற தொகையை இதர வருமானம் என்று போட்டு, பழைய ஜெனரேட்டரைச் சொத்துப் பட்டியலிலும் விட்டுவைக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். இல்லாத பொருளுக்கு வருஷா வருஷம் தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பெயின்ட் வேலையை ஜெனரேட்டர் மாதிரியே சொத்தாகப் போட்டுவிடலாமே, பற்றாக்குறை குறையுமே என்று பொதுக்குழுவில் யாராவது கேட்பார்கள். கூடாது. சுவர் பழைய நிலைக்கு வந்திருக்கிறதே தவிர, புதிதாக ஒரு சுவர் வரவில்லை. முன்பு இல்லாத ஒரு ஷெட் போட்டிருந்தால் அது சொத்து. மேற்குப் பக்கக் கசிவை முழுதாகச் சரிசெய்யும் வரை மேஸ்திரிக்கு 40,000 நிறுத்தி வைத்தோம். மார்ச்சிலேயே வேலையை முடித்துவிட்டார், பில்லும் கொடுத்துவிட்டார். பணம் ஏப்ரலில் கொடுத்தாலும் செலவு 2024-25இன் செலவு. அதேபோல மார்ச் சம்பளம் 24,000 ஏப்ரல் முதல் வாரம் கொடுத்தோம். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பிப்ரவரி, மார்ச் ஓடிய மின்சாரத்துக்கு 19,000 ஏப்ரலில்தான் கட்டினோம். போன வருஷத்துக்காக இந்த வருஷம் கொடுத்த சம்பளம் 22,000, மின்சாரம் 14,000 கழிந்துவிடுவதால் இந்த இரண்டிலும் கூடுவது 2,000, 5,000 மட்டும்தான். மாநகராட்சி சொத்து வரி அரையாண்டுக்கு 18,000. இரண்டாம் அரையாண்டு பாக்கி.

இப்படிக் கொடுபட வேண்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வருஷத்து வவுச்சர்களில் தேடினால் கிடைக்காது. கணக்கு முடிந்த பிறகு வரும் ஏப்ரல், மே வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். பில் தேதி, வேலை நடந்த மாதம் இரண்டையும் பார்த்து, மார்ச் 31க்கு முன்னால் நடந்ததை எல்லாம் தனியே எழுத வேண்டும். அதோடு மின் அட்டையையும் சொத்து வரி ரசீதையும் பார்த்தால் கட்டாதவையும் தெரிந்துவிடும். நான் மே மாதக் கடைசியில் உட்கார்ந்து இதைச் செய்வேன். முன்னதாகச் செய்தால் சில பில்கள் வந்திருக்காது. காப்பீடு இதற்கு நேரெதிர். அக்டோபரில் முதல்முறையாக ஒரு வருஷத்துக்கு 24,000 கட்டினோம். மார்ச் வரை ஆறு மாதம்தான் ஓடியிருக்கிறது. பாதியை முன்கூட்டிச் செலுத்தியது என்று அடுத்த வருஷத்துக்குத் தள்ளினோம்.

இப்போது 1,46,000 கூடியது எப்படி 1,44,000 குறைவாக மாறுகிறது என்று சேர்த்துப் பாருங்கள். வருமானம் ஆகாத மூன்று வரவு, அதாவது ஆயுள் சந்தா, கட்டட நிதி, பழைய ஜெனரேட்டர் விலை 2,95,000 ஐக் கழித்தால் 1,49,000 குறைவு. செலவு ஆகாத புதிய ஜெனரேட்டர் 1,60,000 ஐத் திரும்பச் சேர்த்தால் 11,000 உபரி. சந்தாவில் 6,000 கூட்டல், வாடகையில் 24,000 கழித்தல், ஆக 7,000 குறைவு. சம்பளம் 2,000, மின்சாரம் 5,000, வரி 18,000, பெயின்ட் 40,000 கழிக்க 72,000 குறைவு. காப்பீட்டில் 12,000 திரும்பினால் 60,000 குறைவு. தேய்மானமும் பழைய ஜெனரேட்டர் நஷ்டமும் 84,000. மொத்தம் 1,44,000. இதை ஒரு தாளில் எழுதிப் பொதுக்குழுவில் கையில் வைத்திருங்கள். இந்தத் தாள் ஒத்துவராமல் 500 ரூபாய் இடித்தாலும் கணக்கில் எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

தேய்மானம் யாருக்கும் கொடுக்காத பணம், வெறும் எழுத்துக் கணக்கு என்று ஒரு பேச்சு வரும். வரட்டும். அதையும் நஷ்டத்தையும் முழுதாக ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 60,000 குறைகிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது 3,01,000 என்ற எண். வங்கியில் இருக்கிறது, மைக் செட் வாங்கலாம், ஏற்காட்டுக்கு உறுப்பினர் சுற்றுலா போகலாம் என்று இரண்டு யோசனைகள் ஏற்கெனவே என் காதுக்கு வந்துவிட்டன. அந்தப் பணத்தைப் பிரித்துப் பார்ப்போம். 2,00,000 கட்டட நிதி, தொடக் கூடாது. சம்பளம் 24,000, மின்சாரம் 19,000, சொத்து வரி 18,000, மேஸ்திரி 40,000, ஆக 1,01,000 மார்ச் 31 அன்றே நாம் கொடுக்க வேண்டியது. இரண்டையும் கூட்டினால் சரியாக 3,01,000. மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை. அதற்கு மேல் 11 விசேஷ வீட்டாரிடமும் 15 உறுப்பினர்களிடமும் முன்பணமாக வாங்கிய 84,000 ஏற்கெனவே செலவாகிவிட்டது. 2025-26இல் அந்த 11 நாளும் மண்டபத்தைத் திறந்து, விளக்குப் போட்டு, கூட்டிப் பெருக்கிக் கொடுக்க வேண்டும், புதிதாக ஒரு ரூபாய் வராது. ஆயுள் சந்தா 75,000 ரூபாயும் ஜெனரேட்டரிலும் பெயின்டிலும் கரைந்துவிட்டது. கேஷ் புக் தாள் இதில் ஒரு வார்த்தையும் சொல்லாது. இருப்புநிலைக் குறிப்போடு சேர்த்துப் படித்தால்தான் தெரியும். அந்தக் குறிப்பை வருவாய் மற்றும் செலவினக் கணக்கு இல்லாமல் தயாரிக்க முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவான சங்கம் என்பதால் ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யும் கணக்கோடு இருப்புநிலைக் குறிப்பும் போக வேண்டும். முதல் தாளை மட்டும் பொதுக்குழுவில் வாசித்துவிட்டு நிறுத்துவது பல இடங்களில் பழக்கம், நம்மிடம் வேண்டாம்.

அதற்காகப் பற்றாக்குறையைக் கண்டு பதறவும் வேண்டியதில்லை. 1,44,000 ஐ 240 பேருக்குப் பிரித்து ஆளுக்கு 600 ரூபாய் சந்தா ஏற்ற வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டால் அது தப்பு. இந்த வருஷத்துக்கே உரிய இரண்டு விஷயங்கள் உள்ளே இருக்கின்றன. 1,75,000 பழுதுச் செலவில் பெயின்ட் மட்டும் 1,40,000. அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருவது, அதாவது ஒரு வருஷத்தின் பங்கு 28,000. பழைய ஜெனரேட்டர் நஷ்டம் 12,000 மறுபடி வராது. மறுபக்கம், காப்பீடு அடுத்த வருஷம் முழுதாக 24,000 விழும். புதிய ஜெனரேட்டரின் தேய்மானம், மீதி மதிப்பான 1,48,000 மேல் 15 சதவீதம் என்பதால், 12,000க்குப் பதில் 22,000 அளவுக்கு வரும். இவற்றைச் சரிசெய்தால் ஒரு சாதாரண வருஷத்தின் செலவு சுமார் 6,95,000. வருமானம் 6,53,000. இடைவெளி 42,000, ஆளுக்கு 175 ரூபாய். வாடகையை 6,000இலிருந்து 6,700 ஆக்கினாலும் 60 நாளில் இந்த இடைவெளி அடைபடும். எது நல்லது என்று குழு முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் வாடகைதான். ஏசி இல்லாத மண்டபம்கூட மூன்று மணி நேரத்துக்கு இந்தப் பகுதியில் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை.

கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம். போன வருஷ முடிவில் 28 பேர் சந்தா பாக்கி, 33,600 ரூபாய். அது போன வருஷ வருமானத்தில் சேர்ந்துவிட்டது. அதில் 20 பேர் கட்டினார்கள். மீதி 8 பேர், 9,600 ரூபாய், இன்னும் சொத்துப் பக்கத்தில் நிற்கிறது. மூன்று பேர் வீட்டை விற்றுவிட்டுக் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார், மற்ற நால்வரும் ஃபோன் எடுப்பதில்லை. வரும் என்று நியாயமாக நம்ப முடிந்ததை மட்டுமே வருமானமாக எழுத வேண்டும். வராது என்று தெரிந்த பிறகு நீக்கிவிட வேண்டும். வராத சந்தாவை வருமானமாகவே வைத்திருந்தால் பற்றாக்குறை சிறியதாகத் தெரியும், சொத்து பெரியதாகத் தெரியும். இந்தத் தாளில் யாரும் கவனிக்காமல் பொய் நுழைவதற்கு இதைவிட எளிய வாசல் இல்லை. நீக்கினால் அந்த 9,600 ரூபாய் 2025-26இல் செலவாக வரும். அதைப் பொருளாளர் தனியாகச் செய்ய முடியாது, குழுத் தீர்மானம் வேண்டும். ஆடிட்டரும் அதைத்தான் கேட்கிறார்.

எட்டுப் பேரின் பட்டியலையும் இந்த வருஷம் கட்டாத 30 பேரின் பட்டியலையும் மினிட் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் இருக்கிறவர்களிடம் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்படியே புதிய ரசீது புத்தகம் அச்சடிக்கக் கொடுக்குமுன் அடிக்கட்டையில் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: சந்தா என்றால் எந்த ஆண்டுக்கு, மண்டபம் என்றால் விசேஷம் நடக்கும் தேதி. கட்டட நிதி 2,00,000 ரூபாயைத் தனி டெபாசிட்டாக மாற்றவும் இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம். அடுத்த வருஷக் கேஷ் புக்கில் அது 2,00,000 ரூபாய் செலுத்தல் என்று வரும், செலவினக் கணக்கில் எங்கேயும் வராது. இத்தனை பணம் எங்கே போனது என்று அப்போது யாராவது கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

இப்படிக்கு,
பொருளாளர்